வேலை விண்ணப்பங்களுக்கு ஒரு ஷீட்: பதில் எதுவும் விட்டுப்போகாதபடி அமைப்பது எப்படி

வேலை தேடுகிறவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். நிறுவனத்தின் பெயர், பதவி, அனுப்பிய தேதி, அவ்வளவுதான். அந்தப் பட்டியல் நடந்ததைச் சொல்லும். இனி செய்யவேண்டியதைச் சொல்லாது. மூன்றாவது வாரத்தில் நாற்பது வரிகள் சேர்ந்ததும் எதற்குப் பதில் வரவில்லை, யாருக்கு மறுபடி எழுத வேண்டும், யார் "அடுத்த வாரம் சொல்கிறோம்" என்றார்கள் என்பதெல்லாம் கலங்கிவிடும்.

இங்கே சொல்லப்போகும் ஷீட்டுக்கு ஒரே ஒரு விதிதான். இன்னும் முடியாத ஒவ்வொரு வரியிலும் வருங்காலத் தேதி ஒன்று இருக்க வேண்டும். அந்தத் தேதி வந்ததும் அந்த வரியில் ஏதாவது செய்ய வேண்டும். மற்ற நெடுவரிசைகள் எல்லாம் அந்த ஒரு தேதிக்குத் துணைதான். கூகுள் ஷீட்ஸை வைத்துச் சொல்கிறேன். எக்செல்லிலும் இதே சூத்திரங்கள் ஓடும், மெனுப் பெயர்கள் மட்டும் கொஞ்சம் மாறும்.

முதலில் தேதியைச் சரிசெய்யுங்கள்

புது ஷீட்டைத் திறந்ததும் நெடுவரிசைகளைப் போட ஆரம்பிக்காதீர்கள். File → Settings போய் Locale, Time zone இரண்டும் உங்கள் நாட்டுக்கு உரியவையா என்று பாருங்கள். அங்கே United States என்று இருந்தால் ஷீட் மாதத்தை முதலில் படிக்கும், நாளை அப்புறம் படிக்கும். நீங்கள் ஏப்ரல் 3 என்று நினைத்து 3/4/2026 என்று அடிப்பீர்கள். அது மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் வராது. 13/4/2026 என்று அடித்தால்தான் குட்டு உடையும்: பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். அதாவது மாதத்தின் முதல் 12 நாட்களில் போட்ட தேதிகள் சத்தமில்லாமல் தவறும், மீதி நாட்களில் போட்டவை கணக்கிலேயே சேராது.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உண்மையான தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்தாகப் போனது இடப்பக்கம் நிற்கும். இதைப் பார்ப்பதற்காகவே தேதி நெடுவரிசைகளை நடுவில் சீர்செய்யாமல் விடுங்கள். அப்புறம் Format → Number → Custom date and time போய், மாதம் எண்ணாக இல்லாமல் பெயராகத் தெரியும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். மாதத்தின் பெயர் கண்ணில் பட்டால் மார்ச்சா ஏப்ரலா என்ற குழப்பமே வராது. இன்றைய தேதி வேண்டுமானால் Ctrl + ; அழுத்தினால் போதும், அடிக்கவே வேண்டாம்.

Time zone-ஐயும் விட்டுவிடாதீர்கள். கீழே வரும் TODAY() அதைப் பார்த்துத்தான் "இன்று" எது என்று முடிவுசெய்கிறது. அது வேறு கண்டத்தில் இருந்தால் காலையில் நீங்கள் பார்க்கும்போது ஷீட்டில் நேற்றாக இருக்கும்.

பத்து நெடுவரிசைகள்

முதல் வரியில் இவற்றை இதே வரிசையில் எழுதுங்கள். சூத்திரங்கள் இந்த வரிசையை நம்பித்தான் இருக்கின்றன.

A நிறுவனம்
B பதவி
C அனுப்பிய தேதி
D தொடர்பு
E நிலை
F எண்ணத் தொடங்கும் நாள்
G அவர்கள் சொன்ன நாள்
H அடுத்த தேதி
I அடுத்த வேலை
J குறிப்பு

View → Freeze → 1 row கொடுத்துத் தலைப்பு வரியை நிறுத்திவிடுங்கள்.

A, B, C மூன்றுக்கும் விளக்கம் தேவையில்லை. D-யில் ஒரு மனிதரின் பெயர், அவருடைய பொறுப்பு, மின்னஞ்சல் அல்லது தொலைபேசி எண் மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். நிறுவனத்தின் பொது முகவரி தொடர்பு ஆகாது. விண்ணப்பம் கிடைத்தது என்று தானாக வரும் மின்னஞ்சலின் முகவரியும் ஆகாது, அதற்குப் பதில் போட்டால் யாரும் படிக்கப்போவதில்லை. பெயர் தெரியவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடாமல் "பெயர் தேட வேண்டும்" என்று எழுதுங்கள். காலிக் கட்டம் கண்ணில் படாது, எழுத்து படும். விளம்பரத்தின் அடியில், நிறுவனத்தின் பணியாளர் பக்கத்தில், லிங்க்ட்இன்னில் தேடினால் பல சமயம் ஆளெடுப்பவர் பெயர் கிடைத்துவிடும். ஒரே நிறுவனத்தில் இரண்டு பேரிடம் பேசுகிறீர்கள் என்றால், அடுத்த மின்னஞ்சல் யாருக்குப் போக வேண்டுமோ அவர் மட்டும் D-யில் இருக்கட்டும். மற்றவர் குறிப்பில்.

E-க்கு நான்கே நிலைகள்: அனுப்பியது, நினைவூட்டியது, நேர்காணல், முடிந்தது. "பரிசீலனையில்", "காத்திருப்பு", "ஆர்வம் காட்டினார்கள்" என்று சேர்த்துக்கொண்டே போகத் தோன்றும். வேண்டாம். நிலையின் வேலை எத்தனை நாள் காத்திருப்பது என்று முடிவுசெய்வது மட்டும்தான். காத்திருக்கும் நாட்கள் மாறாவிட்டால் புது நிலைக்குத் தேவை இல்லை. E நெடுவரிசையைத் தேர்ந்து, Data → Data validation வழியாக இந்த நான்கையும் கீழிறங்கு பட்டியலாக வைத்துவிடுங்கள். கையால் அடித்தால் ஒருநாள் "நேர்கானல்" என்று விழும், சூத்திரம் நின்றுவிடும்.

F, G இரண்டும்தான் இந்த ஷீட்டின் உயிர். F என்பது காத்திருப்பு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பது. சாதாரணமாக அது கடைசியாக நீங்கள் எழுதிய அல்லது பேசிய நாள். ஆனால் விளம்பரத்தில் கடைசித் தேதி போட்டிருந்தால் F-இல் அந்தக் கடைசித் தேதியைப் போட வேண்டும், அனுப்பிய தேதியை அல்ல. கடைசித் தேதி வரை பல இடங்களில் விண்ணப்பங்களைப் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள். அதற்கு முன்பே "என்ன ஆயிற்று?" என்று கேட்டால் விளம்பரத்தைப் படிக்கவில்லை என்றுதான் தெரியும். நேர்காணல் நாள் குறித்துவிட்டார்கள் என்றால் F-இல் அந்த நாள். அதனால்தான் தலைப்பைக் "கடைசித் தொடர்பு" என்று வைக்காமல் "எண்ணத் தொடங்கும் நாள்" என்று வைக்கச் சொன்னேன்.

G-யில் அவர்கள் வாயால் சொன்ன அல்லது எழுதிய தேதி மட்டும். "வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறோம்" என்றால் அந்த வெள்ளியின் தேதி. "விரைவில்" என்றால் ஒன்றும் எழுதாதீர்கள்.

அடுத்த தேதியை ஷீட்டே போடட்டும்

H2 கட்டத்தில் இதை ஒட்டுங்கள்:

```
=IF(OR(A2="",E2="முடிந்தது"),"",IF(G2<>"",WORKDAY(G2,2),WORKDAY(F2,SWITCH(E2,"அனுப்பியது",7,"நினைவூட்டியது",10,"நேர்காணல்",5))))
```

பிறகு அந்தக் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்து, நூறு வரிக்குப் பரப்பிவிடுங்கள். H நெடுவரிசைக்கும் தேதி வடிவம் கொடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் 46098 போல ஓர் எண் தெரியும். அது பிழை இல்லை. ஷீட் தேதியை உள்ளுக்குள் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது.

சூத்திரம் செய்வது இதுதான். நிறுவனம் காலியாக இருந்தாலோ, வரி முடிந்திருந்தாலோ ஒன்றும் காட்டாது. அவர்கள் தேதி சொல்லியிருந்தால் அதற்கு இரண்டு வேலைநாள் கழித்து நினைவூட்டும். சொல்லவில்லை என்றால் நிலையைப் பார்க்கும்: அனுப்பியதற்கு 7 வேலைநாள், ஒருமுறை நினைவூட்டியதற்கு 10, நேர்காணலுக்கு 5.

இந்த எண்கள் கல்வெட்டு அல்ல. வேகமாக ஆளெடுக்கும் துறை என்றால் 7-ஐ 5 ஆக்கலாம். அரசுப் பணி, பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் 20 கூடக் குறைவுதான். சொன்ன நாளுக்கு அப்புறம் இரண்டு நாள் விடுவது ஏன் என்றால், வெள்ளிக்குள் சொல்கிறோம் என்றவர்களைத் திங்கள் காலையே கேட்பது கொஞ்சம் அவசரமாகப்படும். செவ்வாய் கேட்டால் உரிய கேள்வியாக இருக்கும்.

WORKDAY சனி, ஞாயிறு இரண்டையும் விட்டுவிட்டுத்தான் எண்ணும். உங்கள் இடத்தில் வெள்ளி, சனி விடுமுறை என்றால் `WORKDAY.INTL(F2,7,7)` என்ற வடிவத்துக்கு மாறுங்கள். கடைசி 7 அந்த இரண்டு நாட்களைக் குறிக்கும் குறியீடு. ஞாயிறு மட்டும் விடுமுறை என்றால் அங்கே 11. சில நாட்டு அமைப்புகளில் சூத்திரத்துக்குள் கமாவுக்குப் பதில் அரைப்புள்ளி வேண்டும். ஒட்டியதும் #ERROR! வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

தவறினால் தெரியும்படி நிறம்

Format → Conditional formatting திறந்து, A2 முதல் J வரை தேர்ந்து, Custom formula is என்பதில் இரண்டு விதிகள் சேருங்கள். முதலாவது, நாள் வந்துவிட்ட வரிகளுக்கு. மஞ்சள் வைத்துக்கொள்ளலாம்:

```
=AND(ISNUMBER($H2),$H2<=TODAY())
```

இரண்டாவது, அடுத்த தேதியே இல்லாமல் தொங்கும் வரிகளுக்கு. இதற்குச் சிவப்பு:

```
=AND($A2<>"",$E2<>"முடிந்தது",NOT(ISNUMBER($H2)))
```

இரண்டாவதுதான் முக்கியமானது. நிலையைத் தேர்ந்தெடுக்க மறந்தால் H-இல் #N/A வரும், வரி சிவக்கும். தேதி எழுத்தாகப் போயிருந்தால் சூத்திரம் தடுமாறும், அப்போதும் சிவக்கும். F-ஐக் காலியாக விட்டால் மட்டும் சிவக்காது. ஷீட் காலியைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டு 1900 ஜனவரியில் ஒரு தேதியைக் காட்டும், வரி மஞ்சளாகிவிடும். 1900 என்று கண்டால் F-ஐ நிரப்புங்கள், வேறொன்றும் இல்லை.

இனி Data → Create a filter கொடுத்து H-ஐ ஏறுவரிசையில் அடுக்கினால், முந்திய தேதி மேலே வரும். முடிந்த வரிகள் தாமாகக் கீழே போய்விடும்.

ஒரு வரி எப்படி நகர்கிறது

கணக்கர் பணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2026 மார்ச் 2, திங்கள் அன்று விண்ணப்பம் அனுப்பியாயிற்று. விளம்பரத்தில் கடைசித் தேதி மார்ச் 6 என்று இருக்கிறது. C-யில் மார்ச் 2, E-யில் அனுப்பியது, F-இல் மார்ச் 6. H தானாக மார்ச் 17, செவ்வாய் என்று காட்டும். அனுப்பிய நாளிலிருந்து எண்ணியிருந்தால் மார்ச் 11 வந்திருக்கும். விளம்பரம் முடிந்து மூன்றாவது வேலைநாளிலேயே போய்க் கதவைத் தட்டியிருப்போம்.

மார்ச் 17 காலை வரி மஞ்சள். பதில் இல்லை. முதல் வேலை எழுதுவது அல்ல, தேடுவது. மின்னஞ்சலில் நிறுவனத்தின் பெயரையும் பதவியின் பெயரையும் தனித்தனியாகத் தேடுங்கள், ஸ்பேம் பெட்டியையும் சேர்த்து. அனுப்புநர் முகவரியை வைத்துத் தேடினால் போதாது. ஆளெடுப்பு மென்பொருள் வழியாக வரும் அழைப்புகள் நிறுவனத்தின் சொந்த முகவரியில் வராமல் அந்த மென்பொருளின் முகவரியிலிருந்து வரலாம். அங்கேயும் ஒன்றும் இல்லை என்றால், முன்பு அனுப்பிய அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே பதிலாக எழுதுங்கள்:

"வணக்கம். மார்ச் 2 அன்று கணக்கர் பணிக்கு விண்ணப்பித்திருந்தேன். தேர்வு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். என் தரப்பிலிருந்து வேறு ஆவணம் ஏதும் தேவையென்றால் அனுப்பிவைக்கிறேன். நன்றி."

இதற்கு மேல் நீட்டவேண்டாம். அனுப்பிய கையோடு E-யை நினைவூட்டியது என்று மாற்றி, F-இல் மார்ச் 17 போட்டால் H மார்ச் 31-க்குத் தாவும்.

மார்ச் 23 அன்று தொலைபேசி வருகிறது: 26-ஆம் தேதி, வியாழன், நேர்காணல். அழைத்தவரின் பெயரை D-யில் எழுதுங்கள். எண்ணை நிறுவனப் பெயரோடு போனிலும் சேமியுங்கள், அடுத்தமுறை தெரியாத எண் என்று விட்டுவிடாமல் இருக்க. E-யில் நேர்காணல், F-இல் மார்ச் 26. H ஏப்ரல் 2 என்று மாறும். நேர்காணலின் நேரத்தை ஷீட்டில் நம்பிவைக்காதீர்கள், அது காலண்டரில் இருக்க வேண்டும். இந்த ஷீட் நேர்காணலுக்குப் பிறகு என்ன என்பதற்குத்தான்.

நேர்காணல் முடிவில் "எப்போது எதிர்பார்க்கலாம்?" என்று கேட்டுவிடுங்கள். G-யை நிரப்ப இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. ஏப்ரல் 8-க்குள் என்றார்கள் என்று வையுங்கள். G-யில் ஏப்ரல் 8 போட்டதும் H ஏப்ரல் 10, வெள்ளி ஆகிறது. 10-ஆம் தேதியும் பதில் இல்லை, எழுதிக் கேட்கிறீர்கள். இப்போது ஒரு காரியம் மறக்கக்கூடாது: G-யை அழித்துவிட்டு, F-இல் ஏப்ரல் 10 போட வேண்டும். G-யில் பழைய தேதி கிடந்தால் சூத்திரம் அதையே பிடித்துக்கொண்டு வரியை மஞ்சளாகவே வைத்திருக்கும். எழுதியும் வரி மஞ்சளாக நிற்கிறது என்றால் காரணம் அநேகமாக இதுதான். அவர்கள் சொன்ன பழைய தேதியை வைத்துக்கொள்ள விரும்பினால் J-யில் "ஏப். 8 என்றார்கள்" என்று ஒரு சொல் போதும்.

அழித்ததும் H ஏப்ரல் 17. ஆனால் 13-ஆம் தேதியே பதில் வருகிறது: முடிவு மாதக் கடைசிக்குத் தள்ளிப்போகிறது. G-யில் ஏப்ரல் 30. H மே 4, திங்கள். இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. மே 1 உங்கள் நாட்டில் விடுமுறை என்றால் ஷீட்டுக்கு அது தெரியாது, அதையும் ஒரு வேலைநாளாக எண்ணியிருக்கும். WORKDAY-க்கு மூன்றாவதாக விடுமுறைப் பட்டியல் ஒன்றைக் கொடுக்கலாம்தான். ஒரு நாள் வித்தியாசத்துக்காக அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பது என் கருத்து.

ஷீட் கூப்பிடாது

வெறும் ஷீட் தன்பாட்டில் இருக்கும். நீங்கள் திறந்தால்தான் நிறம் தெரியும். ஆகவே போன் காலண்டரில் ஒவ்வொரு வேலைநாளும் ஒரே நேரத்தில் திரும்பத்திரும்ப வரும் ஒரு நினைவூட்டலை வையுங்கள். அதன் விளக்கத்தில் ஷீட்டின் இணைப்பை ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியே காலண்டரில் நினைவூட்டல் போடுவது முதல் வாரம் நன்றாக இருக்கும். நேர்காணல் தள்ளிப்போனதும் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டிவரும், ஒன்று விட்டுப்போகும்.

திறந்ததும் மஞ்சள், சிவப்பு வரிகளை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஏதாவது செய்யுங்கள், அல்லது முடிந்தது என்று போடுங்கள். இன்று மனசில்லை என்று F-இல் நாளைய தேதியைப் போட்டுத் தள்ளினால் ஷீட் ஒன்றும் சொல்லாது, ஆனால் அப்புறம் அந்தத் தேதிக்கு அர்த்தம் இருக்காது. I நெடுவரிசையில் "ஃபாலோ-அப்" என்று பொதுவாக எழுதாமல் "மின்னஞ்சலில் நிலை கேட்க", "சான்றிதழ் நகல் அனுப்ப" என்று எழுதிவைத்தால் காலையில் யோசிக்காமல் கைவைக்கலாம்.

புது வரியை எழுதும் நேரம் விண்ணப்பம் அனுப்பிய அதே நிமிடம், அந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன். அப்போதே விளம்பரத்தை PDF ஆகச் சேமித்துவிடுங்கள். ஆள் எடுத்து முடிக்கும் முன்பே விளம்பரங்களை இறக்கிவிடுவது சகஜம். நேர்காணலுக்குக் கூப்பிடும்போது இணைப்பைத் தட்டினால் ஒன்றும் இருக்காது. J-யில் இணைப்புக்குப் பதில் அந்தக் கோப்பின் பெயரையும், எந்த ரெஸ்யூமேயை அனுப்பினீர்கள் என்பதையும் குறியுங்கள்.

இந்த ஷீட்டில் மற்றவர்களின் பெயரும் எண்ணும் இருக்கின்றன. யாரிடமாவது காட்ட வேண்டுமானால் இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்ற அமைப்பில் பகிராமல், அவருடைய மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

எப்போது மூடுவது

விண்ணப்பத்துக்கு ஒருமுறை நினைவூட்டியும் பதில் இல்லை, 10 வேலைநாளும் போய்விட்டது என்றால் முடிந்தது என்று போட்டுவிடலாம். நேர்காணல் வரை போனவர்களுக்கு இரண்டு முறை எழுதலாம், மூன்றாவது வேண்டாம். "தயவுசெய்து தொடர்புகொள்ள வேண்டாம், தேர்வானவர்களை மட்டும் அழைப்போம்" என்று விளம்பரத்திலேயே இருந்தால் ஒருமுறைகூட எழுதக்கூடாது. அந்த வரியின் I-இல் "மூடு" என்று எழுதுங்கள். H தேதி வரும் அன்று மூடிவிட வேண்டியதுதான்.

மூடுவது என்றால் வரியை அழிப்பது அல்ல. அதே நிறுவனம் சில மாதம் கழித்து வேறொரு பணிக்கு விளம்பரம் செய்யும்போது யாரிடம் பேசினோம், எந்த ரெஸ்யூமே போயிற்று என்பது அங்கேயே இருக்கும். மூடிய வரிக்குத் தாமதமாகப் பதில் வருவதும் உண்டு. அப்படி வந்தால் E-யில் பொருத்தமான நிலையைத் தேர்ந்து, F-இல் நீங்கள் பதில் எழுதிய நாளைப் போடுங்கள். H மறுபடி உயிர்பெற்று, அடுத்தமுறை அடுக்கும்போது வரி மேலே ஏறிவிடும்.